தரிப்பிடம் மாறிவிட்டது, கடைசித் தவணையைக் கட்டலாமா?

கேள்வி: கண்டியில் தொடர்மாடி வீடு ஒன்று வாங்குகிறோம். உடன்படிக்கையோடு இணைத்த வரைபடத்தில் எங்களுக்கு லிஃப்டுக்குப் பக்கத்தில், கூரைக்குக் கீழே 7ஆம் இலக்கத் தரிப்பிடம். அதற்கு மட்டும் 12 இலட்சம். இப்போது வெளியே, 19ஆம் இலக்கம் என்கிறார்கள். கேட்டதற்கு, "மண் அணைச்சுவரைத் தடிப்பாகக் கட்டியதால் 7 இல்லாமல் போனது, மாநகர சபை திருத்திய வரைபடத்தை அங்கீகரித்துவிட்டது, பரப்பளவு ஒன்றுதான்" என்று பில்டர் கடிதம் போட்டிருக்கிறார். கடைசித் தவணை 20 இலட்சத்தைக் கட்டலாமா? (ஆசிரியை, ஹட்டன்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சுவர்க் கதை உண்மையாகவே இருக்கலாம்; சரிவு நிலத்தில் வெட்டிய பிறகு சுவர் தடிப்பது புதிதல்ல. ஆனால் கடிதம் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. மாநகர சபை பார்ப்பது போதிய தரிப்பிடம் இருக்கிறதா, வாகனம் திரும்புமா என்பதை. எந்த இடம் யாருக்கு என்பதை உங்கள் உடன்படிக்கைதான் சொல்லும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி பற்றிய விற்பனை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிட்டதாக இருக்க வேண்டும். ஆகவே கடிதத்தில் "19 உங்களுக்கு" என்று எழுதியிருப்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். புதிய வரைபடத்தை இணைத்து, நொத்தாரிசு முன் திருத்த உடன்படிக்கை கேளுங்கள். அதுவரை "சரி, ஏற்கிறோம்" என்று வாட்ஸ்அப்பில்கூட எழுத வேண்டாம். பழைய உடன்படிக்கையில் "சிறு மாற்றங்கள் செய்யலாம்" என்ற வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கூரையுள்ள இடம் திறந்தவெளியாவது சிறு மாற்றமா என்பது உங்கள் சட்டத்தரணி வாதிட வேண்டிய விஷயம்.

அதைவிட முக்கியம், 19 என்பது உண்மையில் என்ன என்பது. எந்தப் பகுதி எந்த வீட்டுக்கு, எது பொது என்று காட்டும் கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்படும்; அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் 19 உங்கள் வீட்டோடு சேர்ந்த துணை அலகாகக் குறித்திருந்தால், அது உறுதியில் வரும். வீட்டை விற்றால் கூடவே போகும். பொதுப் பகுதியாகக் குறித்திருந்தால் அதில் எல்லா உரிமையாளருக்கும் பங்குண்டு. உங்களுக்கென்று தனியாக விற்க பில்டருக்கு அது சொந்தமில்லை, நாளை வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இடம் மாற்றச் சொன்னால் கையில் உறுதி இருக்காது. விருந்தினர் தரிப்பிடமாகக் காட்டியிருந்தால் பேச்சே இல்லை, மறுத்துவிடுங்கள். வங்கிக் கடன் எடுப்பதானால் வங்கியின் சட்டத்தரணியும் இதையே கேட்பார்.

அப்புறம் விலை. பரப்பளவு ஒன்றானாலும் மதிப்பு ஒன்றல்ல. இதே கட்டடத்தில் மற்றவர்களுக்குத் திறந்த தரிப்பிடம் என்ன விலைக்குப் போனது என்று விசாரியுங்கள். 8 இலட்சம் என்றால், மிச்சம் 4 இலட்சம் கடைசித் தவணையில் கழிய வேண்டும், கட்டவேண்டியது 16. நேரில் போய் அளந்தும் பாருங்கள். வரைபடத்தில் 2.4 மீற்றர் அகலம் என்றிருந்தாலும், சுவரோரத்து வடிகானை அதற்குள் சேர்த்திருந்தால் கதவைத் திறக்க முடியாது.

பதில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: பணம் தயாராக இருக்கிறது, கூட்டாதன வரைபடமும் திருத்த உடன்படிக்கையும் விலைக் கழிவும் வந்தவுடன் கட்டுகிறோம் என்று. தவணை தவறியதாக அவர் தாமத வட்டி போட வந்தால், உங்கள் பக்கம் நிற்கப்போவது அந்தக் கடிதம்தான்.