கூட வேலை செய்பவர் சொல்லியும் ஏன் ஆப்சென்ட்?

"காய்ச்சல், வர முடியாது என்று கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லி அனுப்பினேன். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாராம். ஆனாலும் ஆப்சென்ட், மெமோ. என்ன செய்வது?"

அவர் சொல்லியிருப்பார். ஆனால் என்ன சொன்னார் என்பதுதான் விஷயம். நான் ஓசூர் சிப்காட்டில் ஓர் ஆலையில் இருந்தபோது எனக்கும் இதே கதை. "வாந்தி, இன்றும் நாளையும் வர முடியாது" என்று நண்பரிடம் சொன்னேன். காலை 6 மணிக்கு ஷிப்ட் மாறும் சத்தத்தில் அவர் சொன்னது, "உடம்பு சரியில்லையாம்." அவ்வளவுதான். நாளை என்பது விழுந்துபோனது. அந்த 'யாம்' வந்ததுமே பேச்சில் சந்தேகமும் வந்துவிடுகிறது. "எப்போது வருவான்?" என்று கேட்டால் நண்பருக்குப் பதில் தெரியாது. இரண்டாம் நாள் என் மெஷினுக்கு ஆள் இல்லை, திட்டு வாங்கியது அவர்.

இனி ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாவது நீங்களே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "சார், காய்ச்சல். இன்றும் நாளையும் லீவ் வேண்டும். வியாழன் முதல் ஷிப்டுக்கு வருகிறேன்." அப்புறம் ஒரு போன். எடுக்காவிட்டாலும் நேரத்தோடு மெசேஜ் நிற்கும். நண்பரிடம், "சாரை போன் பார்க்கச் சொல்லுங்க" என்பது மட்டும் போதும்.

இப்போதைய மெமோவுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். டாக்டர் சீட்டையும் நண்பருக்கு போன் செய்த நேரத்தையும் சேருங்கள். நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். பழியை நண்பர் மேல் போட்டு எழுதாதீர்கள், அவருக்கும் மெமோ வரும்.