தேதி மாறிய கண்காட்சி: கட்டிய ஸ்டால் பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

கேள்வி: கண்காட்சியில் ஸ்டால் புக் செய்து முழுப் பணமும் கட்டிவிட்டேன். இப்போது தேதியையும் இடத்தையும் மாற்றிவிட்டார்கள். கேன்சல் செய்தால் பாதிப் பணம் பிடிப்போம் என்கிறார்கள். முழுப் பணமும் கிடைக்குமா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: "கேன்சல் செய்கிறேன்" என்று எழுத்தில் எங்கும் எழுதிவிடாதீர்கள். அவர்கள் சொல்லும் பாதிப் பிடித்தம், ஸ்டால் எடுத்தவர் தாமாக விலகும்போது பொருந்தும் நிபந்தனை. உங்கள் விஷயத்தில் விலகியவர் நீங்கள் அல்லர். ஒப்புக்கொண்ட நாளிலும் இடத்திலும் கண்காட்சியை நடத்தாமல் போனவர் அமைப்பாளர். அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டால், அவருடைய தவறு உங்கள் விலகலாக உருமாறிவிடும்.

இதை நான் அனுபவத்தில் அறிந்தேன். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளைக் கண்காட்சிகளில் விற்பது என் தொழில். 2023 தீபாவளி நவம்பர் 12 அன்று வந்தது. அதற்கு முந்தைய விற்பனையை நம்பி, அக்டோபர் 12 முதல் 15 வரை சென்னை நந்தம்பாக்கத்தில் நடப்பதாக இருந்த ஒரு கண்காட்சியில் 9 சதுர மீட்டர் ஸ்டால் எடுத்தேன். வாடகை 67,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 12,150 ரூபாய், ஆக 79,650 ரூபாயை முழுவதுமாகக் கட்டினேன். செப்டம்பர் நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தது: கண்காட்சி நவம்பர் 23 முதல் 26 வரை, புறநகரில் ஒரு திருமண மண்டபத்தில் நடக்குமாம். தீபாவளி முடிந்த பதினோராம் நாளில் பண்டிகைச் சேலை வாங்க யார் வருவார்கள்?

தொலைபேசியில் பேசிய அலுவலர், "ஒரு கேன்சலேஷன் மெயில் போடுங்க சார், புராசஸ் பண்ணிடறோம்" என்று அன்பாகத்தான் சொன்னார். நான் அதைத் தட்டச்சு செய்தும் விட்டேன். அனுப்புவதற்கு முன் எங்கள் ஆடிட்டரிடம் காட்டியதால் தப்பினேன். அவர் அதை அழித்துவிட்டு எழுதித் தந்ததன் சாரம் இது: "இன்ன நாளில், இன்ன அரங்கில் நடக்கும் கண்காட்சிக்காக இந்த ஸ்டாலை எடுத்தேன். தாங்கள் தேதியையும் இடத்தையும் மாற்றியதற்கு நான் சம்மதிக்கவில்லை. தீபாவளிக்கு முன் நடப்பது என் வணிகத்துக்கு இன்றியமையாதது என்பதைப் பதிவின்போதே தெரிவித்திருந்தேன். ஒப்பந்தத்தைத் தாங்கள் நிறைவேற்றாததால் அது முடிவுக்கு வருகிறது. கட்டிய 79,650 ரூபாயை 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துக." இதை மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, ஒப்படைப்புச் சான்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இருக்கிறது. காலம் முக்கியமாயிருக்கும் ஒப்பந்தத்தைக் குறித்த காலத்தில் நிறைவேற்றாவிட்டால், மறுதரப்பு அதை முறிக்கலாம் என்பது அதன் 55ஆம் பிரிவு. அதே பிரிவில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: பிந்திய காலத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே அறிவிப்புக் கொடுக்காவிடில், தாமதத்துக்காகப் பின்னால் இழப்பீடு கேட்க முடியாது. ஆகவே பதில் எழுதாமல் வாரக்கணக்கில் காத்திருப்பதும், "புதிய இடத்தில் மூலை ஸ்டால் கிடைக்குமா?" என்று விசாரிப்பதும், அவர்கள் அனுப்பும் திருத்திய படிவத்தில் கையெழுத்திடுவதும் உங்களைச் சம்மதித்தவராகக் காட்டிவிடும். "அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் சரிக்கட்டிக்கொள்ளலாம்" என்ற யோசனையையும் அவர்கள் முன்வைப்பார்கள். எனக்கும் வைத்தார்கள், வேண்டாம் என்று அன்றே எழுத்தில் மறுத்தேன்.

இனி உங்கள் படிவத்தை எடுத்துப் பாருங்கள். "தேதியையும் இடத்தையும் மாற்ற அமைப்பாளருக்கு உரிமை உண்டு" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். ஆனால் அது எதுவரை நீள்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். மாற்றலாம் என்று மட்டும் சொல்கிறதா, மாற்றினாலும் பணம் திரும்பாது என்று சேர்த்துச் சொல்கிறதா? முதல் வகையானால், மாற்றும் உரிமை வேறு, வராதவரின் பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமை வேறு என்று உறுதியாக வாதிடலாம். இரண்டாவது வகையானால் உங்கள் நிலை பலவீனம்தான். அப்போதும் 74ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டலாம்: ஒப்பந்த மீறலுக்காகப் படிவத்தில் தொகை குறித்திருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடையாது. மீறலே செய்யாத உங்களிடமிருந்து எந்த இழப்பை ஈடுகட்டப் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஸ்டாலை அவர்கள் வேறொருவருக்கு விற்றிருந்தால், புதிய அரங்க வரைபடத்தில் அந்த எண்ணின் மேல் யார் பெயர் இருக்கிறது என்பதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அதே வளாகத்தில் ஒரு ஹாலிலிருந்து அடுத்த ஹாலுக்கு மாற்றியதற்காக முழுப் பணத்தையும் கேட்பது எடுபடாது. மாற்றம் உங்கள் வணிகத்தின் அடிப்படையையே கெடுத்தது என்று காட்ட வேண்டும்.

என் விஷயத்தில் ஏழு வாரங்களில் 67,500 ரூபாய் வந்தது. 12,150 ரூபாய் வரவில்லை. "ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்டிவிட்டோம், அது திரும்பாது" என்றார்கள். பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள், விடத் தேவையில்லை. வரி விலைப்பட்டியல் கொடுத்திருந்தால் அமைப்பாளர் அந்தத் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் வெளியிட்டுத் தம் வரியைக் குறைத்துக்கொள்ளலாம். முன்பணத்துக்கு ரசீது வவுச்சர் மட்டும் கொடுத்திருந்தால் ரீஃபண்ட் வவுச்சர் தர வேண்டும். கிரெடிட் நோட்டுக்குக் கெடு உண்டு: அந்த விலைப்பட்டியலுக்குரிய நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள், அல்லது அவர் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதுவரை. நான் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நான் அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, ஏற்கெனவே எடுத்திருந்ததால், அதைத் திருப்பிக்கொடுக்கிறேன் என்று எழுதிய பிறகுதான் அவர்கள் கணக்காளர் இணங்கினார். நீங்களும் அந்த வரவை எடுத்திருந்தால், பணம் கைக்கு வந்ததும் உங்கள் கணக்கில் அதைத் திருப்ப மறக்காதீர்கள்.

தேதியும் ஸ்டால் எண்ணும் போட்டு அச்சடித்த துண்டறிக்கைகளுக்கான 6,400 ரூபாயையும் கேட்டேன். பில் இருந்தது, உரிமையும் இருந்தது. ஆனாலும் வரித்தொகை வந்ததும் அதை விட்டுக்கொடுத்தேன். விற்றிருக்கக்கூடிய லாபத்தை நான் கேட்கவே இல்லை, ஏனென்றால் அதை நிரூபிப்பது மிகக் கடினம்.

15 நாட்களில் பதில் வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அதன்பின் நுகர்வோர் ஆணையம் ஒரு வழி. உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள். ஆனால் "இது வணிக நோக்கத்துக்கு எடுத்த சேவை, எனவே நீங்கள் நுகர்வோர் அல்லர்" என்று எதிர்ப்பார்கள். சுயதொழிலால் பிழைப்பவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் விலக்கு, பொருள் வாங்குவதைப் பற்றியே பேசுகிறது. ஸ்டால் என்ற சேவைக்கும் அது பொருந்தும் என்று நீங்கள்தான் வாதாட வேண்டியிருக்கும். ஆகவே நிறுவனமாகப் பதிவு செய்து ஆள் வைத்து நடத்துபவர், 3 ஆண்டுக் கெடு உள்ள சிவில் வழக்கையே நாடுவது மேல். சிறு தொழில் சமாதான் தளத்தில் புகார் செய்யச் சொல்வோரும் உண்டு. அது பொருளோ சேவையோ வழங்கியவருக்கு வாங்கியவர் பணம் தராதபோது பயன்படுவது. இங்கே நீங்கள் வாங்கியவர் என்பதால் அந்த வழியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.