முன்பேரச் சந்தையில் தங்கத்தின் விலை உருவாகும் விதமும் அது தரும் காப்பின் எல்லையும்

கேள்வி: எம்சிஎக்ஸ் என்ற இந்திய முன்பேரச் சந்தையில் தங்கம், கச்சா எண்ணெய் எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம் கழித்து வரும் விலையை இப்போதே போடுகிறார்களே, அதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? தங்கத்தை மட்டும் ஹெட்ஜ், அதாவது காப்பு, என்று சொல்வது ஏன்?

பதில்:

முன்பேரச் சந்தையின் திரையில் தெரியும் விலையை எந்தக் குழுவும் கூடி நிர்ணயிப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒரு குறிப்பிட்ட தரமுள்ள பொருளைத் தர ஒருவரும் பெற்றுக்கொள்ள இன்னொருவரும் ஒப்புக்கொண்ட கடைசி விலையே அங்கு தெரிகிறது. எம்சிஎக்ஸில் தங்கத்தின் பெரிய ஒப்பந்தம் ஒரு கிலோ அளவுடையது. விலை மட்டும் 10 கிராமுக்குச் சொல்லப்படுகிறது. நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையில் ஓர் ஒப்பந்தம் 100 டிராய் அவுன்ஸ். இரு தரப்பினரும் ஒப்பந்த மதிப்பில் ஒரு பங்கை மட்டும் மார்ஜினாக, அதாவது பிணைத்தொகையாக, கட்டுகிறார்கள். ஒவ்வொரு நாளும் சந்தை முடிந்தபின் லாபமும் நஷ்டமும் பணமாகவே கைமாறுகின்றன.

இரண்டு மாதம் கழித்து வரும் தேதிக்கான விலையைப் பார்த்தவுடன், தங்கம் அந்த விலைக்குப் போகும் என்று சந்தை கணிப்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். என்னிடம் கணக்குப் பார்க்க வரும் நகை வியாபாரிகளிலும் இப்படி நினைப்பவர்கள் உண்டு. தங்கத்தைப் பொறுத்தவரை அது கணிப்பே அன்று. இன்றைய விலையோடு, அந்தத் தேதிவரை தங்கத்தைக் கையில் வைத்திருக்க ஆகும் செலவைக் கூட்டினால் வருவதே முன்பேர விலை.

ஓர் எடுத்துக்காட்டில் இதைப் பார்க்கலாம். இன்று 10 கிராம் 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 70 லட்சம் ஆகிறது. அந்தப் பணத்துக்கு ஆண்டு வட்டி 7 சதவீதம் என்றால், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 81,700 ரூபாய் வட்டி. பெட்டக வாடகைக்கும் காப்பீட்டுக்கும் 5,000 ரூபாய் சேர்த்தால், இரண்டு மாதம் கழித்து ஒரு கிலோவைக் கொடுக்க ஒருவருக்கு அடங்கும் விலை சுமார் 70.87 லட்சம். முன்பேர விலை 71.5 லட்சமாக ஏறிவிட்டால், கடன் வாங்கி இன்றே தங்கத்தை வாங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, முன்பேர ஒப்பந்தத்தில் விற்று வைப்பவருக்குக் கிட்டத்தட்ட 63,000 ரூபாய் மிஞ்சும். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருடைய லாபம் மாறாது. இப்படிப் பலர் விற்க வரும்போது முன்பேர விலை கீழே வந்துவிடுகிறது. மாறாக அது 70.2 லட்சத்துக்கு இறங்கினால், தங்கத்தைச் சும்மா வைத்திருப்பவர் இன்று விற்று, பணத்தை வட்டிக்கு விட்டு, இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போடுவார். அவர்கள் வாங்குவதால் விலை மேலேறும். இந்த இரு தரப்பினருக்கும் இடையில் முன்பேர விலைக்கு நகர இடம் மிகக் குறைவு.

இந்தக் கணக்கு தங்கத்துக்கு இவ்வளவு சுத்தமாகப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. மனிதர் இதுவரை தோண்டியெடுத்த தங்கத்தில் பெரும்பகுதி இன்னும் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. அது 2 லட்சம் டன்னுக்கும் மேல். சுரங்கங்களிலிருந்து ஓராண்டில் வருவதோ ஏறத்தாழ 3,600 டன்தான். ஆகவே ஒரு சுரங்கம் மூடினாலும் இன்று தங்கத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிடாது. இருப்பை எப்போது வேண்டுமானாலும் சந்தைக்குக் கொண்டுவரலாம்.

கச்சா எண்ணெய் அப்படிப்பட்டதன்று. அது எரிந்து தீர்ந்துவிடும்; கையிருப்பு சில வாரங்களின் தேவைக்கு மட்டுமே இருக்கும்; சேமிக்கத் தொட்டி வேண்டும். தட்டுப்பாடு வரும்போது இன்றே எண்ணெய் வேண்டும் என்பவர்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள் என்பதால், இன்றைய விலை அடுத்த மாத விலையைவிட மேலே நிற்கும். நாளைக்கான எண்ணெயை இன்று விற்க முடியாது என்பதால் அந்த இடைவெளியை யாராலும் அடைக்க முடிவதில்லை. தேங்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க டபிள்யூடிஐ எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த ஒப்பந்தத்தின்படி எண்ணெயை ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் என்ற ஊரில் பெற்றுக்கொள்ள வேண்டும். கொரோனா முடக்கத்தால் எண்ணெய் தேவைப்படுவோர் இல்லை. அங்கிருந்த தொட்டிகளில் காலி இடமெல்லாம் முன்பே பேசி எடுக்கப்பட்டிருந்தது. டெலிவரி எடுக்க வழியில்லாதவர்கள் பணம் கொடுத்தாவது ஒப்பந்தத்தைக் கைகழுவ வேண்டியதாயிற்று. எம்சிஎக்ஸில் எண்ணெய் ஒப்பந்தம் அந்த அமெரிக்க விலையை ஒட்டியே தீர்க்கப்படுவதால், இங்கும் கணக்கு பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாயில் முடிந்தது. பணம் கட்டி வாங்கியவர்கள் அதற்கு மேலும் கட்ட நேர்ந்தது.

தங்கத்திலும் இந்தப் பிணைப்பு ஒருமுறை அறுந்தது, அதற்கு ஒரு மாதம் முன்பு. 2020 மார்ச் கடைசியில் சுவிட்சர்லாந்தின் சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டு, விமானங்களும் நின்றுபோயின. லண்டனில் இருப்பவை 400 அவுன்ஸ் கட்டிகள். காமெக்ஸ் ஏற்பவையோ 100 அவுன்ஸ் கட்டிகளும் கிலோ கட்டிகளும். உருக்கி மாற்றவும் முடியாமல், கொண்டுசெல்லவும் முடியாமல் போனபோது, வழக்கமாகச் சில டாலரே இருக்கும் லண்டன், நியூயார்க் விலை வித்தியாசம் அவுன்ஸுக்கு 70 டாலர் அளவுக்கு விரிந்தது. பொருளை உண்மையில் நகர்த்தக்கூடிய வழி திறந்திருக்கும்வரைதான் மேலே போட்ட கணக்கு செல்லும். இன்றைய விலையான ஸ்பாட் விலைக்கும் முன்பேர விலைக்கும் உள்ள இடைவெளி வட்டிக் கணக்கைத் தாண்டி விரிவதைக் கண்டால், எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்று நான் முதலில் சந்தேகிப்பேன்.

இனி ஹெட்ஜ் பற்றி. இதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. முதலாவது, தங்கத்தின் விலை மாற்றத்திலிருந்தே ஒருவர் தம்மைக் காத்துக்கொள்வது. 70 லட்சத்துக்கு ஒரு கிலோ வாங்கி நகை செய்யும் வியாபாரி, முன்பேரச் சந்தையில் 70.87 லட்சத்துக்கு ஒரு லாட், அதாவது ஒரு கிலோ ஒப்பந்தம் ஒன்றை, விற்று வைக்கிறார். ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரியின்போது விலை 66 லட்சமானால், கையிலுள்ள தங்கத்தில் 4 லட்சம் நஷ்டம், ஒப்பந்தத்தில் 4.87 லட்சம் லாபம். விலை 75 லட்சமானால், தங்கத்தில் 5 லட்சம் லாபம், ஒப்பந்தத்தில் 4.13 லட்சம் நஷ்டம். இரண்டிலும் அவருக்கு மிஞ்சுவது அதே 87,000 ரூபாய். அது அவருடைய வட்டிக்கும் பெட்டகத்துக்கும் சரியாகப் போகும், அவருடைய வருமானம் செய்கூலியிலிருந்து வரும். ஆனால் விலை ஏறும்போது ஒப்பந்தத்தின் நஷ்டத்தை அன்றன்றே ரொக்கமாகக் கட்ட வேண்டும். லாபமோ விற்காத நகையில் முடங்கிக் கிடக்கிறது. கணக்குப்படி சரியாக ஹெட்ஜ் செய்தவர்களும் கையில் ரொக்கம் இல்லாமல் ஒப்பந்தத்தைப் பாதியில் முடிக்க வேண்டிவருவது இந்த இடத்தில்தான். அப்படி முடித்தபின் விலை இறங்கினால் இரண்டு பக்கமும் அடி விழும்.

இரண்டாவது, வேறு ஆபத்துகளுக்கு எதிராகத் தங்கத்தையே காப்பாக வைத்திருப்பது. தங்கம் எந்த அரசும் வங்கியும் ஒருவருக்குத் தர வேண்டிய கடன் அன்று. அதனால் எவர் திவாலானாலும் அதன் மதிப்பு அழிவதில்லை. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யாவின் அந்நியச் செலாவணி இருப்பை மேலைநாடுகள் முடக்கியதைப் பார்த்த பல மத்திய வங்கிகள், அந்த ஆண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கிச் சேர்த்தன. அதே வேளையில் தங்கம் வட்டி தருவதில்லை. ஆகவே பணவீக்கத்தைக் கழித்தபின் வங்கியிலோ கடன் பத்திரத்திலோ மிஞ்சும் வட்டி உயர்ந்தால் தங்கத்தை வைத்திருப்பது இழப்பாகிறது. அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் தங்கம் இனிக்கிறது. பணவீக்கம் ஏறினால் தங்கமும் ஏறும் என்ற எளிய வாய்பாட்டை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை வேகமாக உயர்த்தியதால், மார்ச்சில் 2,000 டாலரைத் தாண்டிய தங்கம் ஆண்டு முடிவில் தொடங்கிய இடத்துக்கே, சுமார் 1,800 டாலருக்கு, வந்து நின்றது.

அதே ஆண்டில் இந்தியாவில் தங்கம் வைத்திருந்தவருக்கு நடந்ததோ வேறு. உள்நாட்டு விலை வரும் விதம் இது: ஒரு டிராய் அவுன்ஸின் டாலர் விலையை அதிலுள்ள கிராம் அளவான 31.1035ஆல் வகுத்தால் ஒரு கிராமின் டாலர் விலை. அதைப் பத்தால் பெருக்கி, ரூபாய் மதிப்பால் பெருக்கி, இறக்குமதி வரியைக் கூட்ட வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் டாலர் 74 ரூபாய்க்கு அருகிலும் வரி 10.75 சதவீதமாகவும் இருந்ததால் 10 கிராம் சுமார் 48,000 ரூபாய். ஆண்டு முடிவில் டாலர் கிட்டத்தட்ட 83 ரூபாய், ஜூலையில் வரி 15 சதவீதமாக உயர்ந்துவிட்டது. 10 கிராம் சுமார் 55,000 ரூபாய். உலகச் சந்தையில் ஓர் அடிகூட நகராத தங்கம் இங்கே 14 சதவீதத்துக்கு மேல் ஏறியதில் பெரும்பங்கு ரூபாயின் சரிவு, மீதி வரி. நம் குடும்பங்களுக்குத் தங்கம் நம்பகமாகத் தந்துவந்திருக்கும் காப்பு, ரூபாயின் சரிவுக்கு எதிரான காப்புதான் என்பது என் உறுதியான கருத்து.

காலக்கெடு குறுகியவர்களுக்கு இந்தக் காப்பு வேலை செய்யாமலும் போகும். 2008இல் நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது தங்கம் மார்ச்சில் கண்ட 1,000 டாலரிலிருந்து அக்டோபரில் 700 டாலர் அருகே இறங்கியது. மற்ற முதலீடுகளில் மார்ஜின் கட்டப் பணம் தேவைப்பட்டவர்கள், விற்கக்கூடியதாக இருந்த தங்கத்தை விற்றார்கள். 1980 ஜனவரியில் 850 டாலருக்கு வாங்கியவர், 1999இல் அதை 300 டாலருக்கும் கீழே கண்டார். வரியால் வந்த ஏற்றமும் நிலையானதன்று: 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, உலக விலையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமலே எம்சிஎக்ஸில் 10 கிராம் ஒரே நாளில் சுமார் 4,000 ரூபாய் இறங்கியது. அடுத்த முறை விலை பெரிதாக ஏறினாலோ இறங்கினாலோ, டாலர் விலை, ரூபாய் மதிப்பு, வரி ஆகிய மூன்றில் எது நகர்ந்தது என்று மேலே சொன்ன பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் தினமும் மாறுபவை, மூன்றாவது மாறுவது அரசின் ஓர் அறிவிப்பால்.