பத்திர ஸ்கேன்: பாதிப் பக்கங்கள் வெள்ளையாக வந்தால்

"தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பழைய பத்திரத்தை ஸ்கேன் செய்து பென்டிரைவில் வாங்கி வந்தேன். முதல் சில பக்கம் தெரிகிறது, மீதி எல்லாம் வெள்ளை. ஃபான்ட் இல்லாததாலா?"

ஃபான்ட் காரணமில்லைங்க. ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம்தான், அதற்கு ஃபான்ட் தேவையே இல்லை. காப்பி முடியும் முன்பே பென்டிரைவைப் பிடுங்கியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஃபைலை நோட்பேடில் திறந்து அடிவரைக்கும் போய்ப் பாருங்கள். நல்ல பிடிஎஃப் என்றால் கடைசி வரியில் `%%EOF` இருக்கும். அதற்குப் பதில் வெற்றிடமாகவே நீண்டால், அந்தப் பகுதி எழுதப்படவே இல்லை. ஃபைல் அளவு சரியாகவே காட்டக்கூடும், அதை நம்பாதீர்கள்.

பக்கங்கள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணை பிடிஎஃப்பின் கடைசியில்தான் பெரும்பாலும் இருக்கும். அதைத் திரும்பக் கட்ட, MuPDF மென்பொருளோடு வரும் mutool என்ற கருவியைக் கம்ப்யூட்டரில் போட்டு, கமாண்ட் விண்டோவில் இந்த ஒரு வரி கொடுத்தால் போதும்:

```
mutool clean pathiram.pdf puthusu.pdf
```

ஆனால் வந்து சேராத படத்தை எந்த ரிப்பேரும் உண்டாக்காது. அதனால் முதலில் கடைக்குப் போங்கள், அவர்கள் கம்ப்யூட்டரில் ஃபைலை அழிப்பதற்குள். இந்த முறை 'எஜெக்ட்' கொடுத்த பிறகு கழற்றச் சொல்லுங்கள், அங்கேயே கடைசிப் பக்கத்தையும் திறந்து பார்த்துவிடுங்கள்.