முதல் மெயிலில் போட்டியாளர் பெயரைச் சொல்லலாமா?

"திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் விற்கிறேன். முதல் மெயிலிலேயே என் போட்டியாளர்களையோ, அந்தக் கம்பெனிகள் இப்போது பயன்படுத்துவதையோ குறிப்பிடலாமா?"

போட்டியாளர் பெயர் வேண்டாம். இப்போது அந்தக் கம்பெனி வேலை செய்யும் முறையை மட்டும், அதுவும் உறுதியாகத் தெரிந்தால், சொல்லுங்கள்.

பெயரைச் சொன்னால், வாங்கும் எண்ணமே இல்லாதவரை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு அனுப்புகிறீர்கள். தவிர, மெயிலைப் படிப்பவரே அந்த சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தவராக இருக்கலாம். அதைக் குறை சொன்னால் அவர் முடிவைக் குறை சொன்னதாகிவிடும்.

முறை எப்படித் தெரியும்? அவர்களுடைய வேலை விளம்பரத்தைப் பாருங்கள். ஸ்டோர் கீப்பருக்கு எக்செல் தெரிய வேண்டும் என்று போட்டிருந்தால் இப்படி எழுதலாம்: "ஸ்டோருக்கு எக்செல் தெரிந்தவரைத் தேடுவதைப் பார்த்தேன். சாயப்பட்டறைக்குப் போன துணியின் எடையையும் திரும்பி வந்த எடையையும் யார் ஒப்பிடுகிறார்கள்?" இதில் எக்செல் மோசம் என்று ஒரு சொல்கூட இல்லை. எடைக் குறைவு தாமதமாகத் தெரிவதுதான் அவருடைய வலி, பேச்சு அங்கே தொடங்கட்டும்.

விளம்பரம் போன்ற தடயம் இல்லையா? ஊகிக்காதீர்கள். "நீங்கள் எக்செலில்தான் சிரமப்படுகிறீர்கள்" என்று எழுதி அது தப்பாக இருந்தால், மொத்தமாக அனுப்பிய மெயில் என்று உடனே தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் சாஃப்ட்வேர் டேலியோடு சேர்ந்து இயங்குமென்றால், அவர்களிடம் டேலி இருப்பதும் தெரிந்தால், தாராளமாகப் பெயரைச் சொல்லுங்கள். அக்கவுண்டன்ட் பழகியதை விட வேண்டாம் என்பது அவருக்கு நல்ல செய்தி.