குக்கர் விசில் வரும்வரை யார் பேசுவது?

அம்மா, போன வாரம் மகளோடு கோத்தகிரியிலிருந்து வந்து, “டிவி சமையல் நிகழ்ச்சிக்குப் பின்னாடி வேலை பார்க்கணும்ங்கிறா, அதெல்லாம் ஒரு வேலையா சார்?” என்று கேட்டீர்கள். வேலைதான். ஆனால் புதுப்புது ரெசிபி கண்டுபிடிப்பது என்று அவள் நினைத்திருக்கிறாள். பெரும்பாலும் அது நிமிடங்களைப் பங்குபோடும் வேலை.

2019-இல் விஜய் டிவியில் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’ உங்களுக்கே தெரியும். சமைக்கத் தெரிந்தவரோடு தெரியாதவரைச் சேர்த்துவிடுவார்கள். அந்த மாதிரி நிகழ்ச்சிக்கு ரெசிபி எடுக்கும்போது, கோமாளி சொதப்ப அதில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

60 நிமிடச் சுற்றில் மட்டன் குழம்பு என்று வைத்துக்கொள்வோம். வெங்காயம் உரிக்க, தேங்காய் துருவ முதல் கால் மணி நேரம். கோமாளிக்குக் கைவேலை, நமக்குச் சிரிப்பு. மிக்ஸி ஓடும்போது ஜோக் வைக்கக் கூடாது, மைக்கில் மிக்ஸி சத்தம்தான் விழும். கையைக் கட்டிக்கொண்டு சமைக்கும் விளையாட்டு இருந்தால் அந்தச் சுற்றில் எண்ணெயில் பொரிப்பதே வேண்டாம். குக்கரை மூடியபின் 25 நிமிடம் காட்ட ஒன்றுமில்லை. சினிமா விருந்தினரை உள்ளே அழைக்க அதுதான் சரியான நேரம்.

அவர் வருவது பட விளம்பரத்துக்கு. படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் ஒளிபரப்பாக வேண்டும். தேதியை நகர்த்த முடியாது. படப்பிடிப்புக்கு முந்தைய நாள் மாலை, அவர் அசைவம் சாப்பிட மாட்டார் என்று போன் வருகிறது. மட்டனுக்குப் பதில் பன்னீர் போட்டால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். விருந்தினர் பேசவேண்டிய நேரமே காணாமல் போகும். கொண்டைக்கடலை என்றால் குக்கர் நேரம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், ஆனால் அதை இரவே ஊறப்போட்டிருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கேட்காமலே ஒரு படி ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள்.

உங்கள் மகள் நோட்டில் ஒவ்வொரு ரெசிபிக்கும் நேரம் குறித்திருக்கிறாள். நல்ல பழக்கம்தான், ஆனால் அது கோத்தகிரி நேரம். உங்கள் ஊர் இருக்கும் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக நேரம் ஆகிறது. அதே கணக்கைச் சென்னை ஸ்டூடியோவில் வைத்தால், விருந்தினர் பேசி முடிப்பதற்குள் பருப்பு குழைந்திருக்கும். கோயம்புத்தூரில் சித்தி வீடு இருக்கிறது என்றீர்களே, லீவில் அங்கே போய் அதே ஐந்து ரெசிபியை மறுபடி செய்து நேரம் குறிக்கட்டும்.

படிப்புக்கு, சென்னை தரமணியிலும் திருச்சி பக்கம் துவாக்குடியிலும் உள்ள ஹோட்டல் மேனேஜ்மெண்ட் கல்லூரிகளைப் பாருங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: சீசன் முடிந்தால் இந்த வேலையும் நின்றுவிடும், அடுத்தது தொடங்கும்வரை சம்பளம் இருக்காது. அதனால் முதலில் ஒரு ஹோட்டல் கிச்சனில் இரண்டு வருடம் நிற்கட்டும். அப்புறம் அந்த நோட்டோடு ஸ்டூடியோ வாசலுக்குப் போகலாம்.