தூங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: செய்முறைத் தேர்வு அன்று அலாரம் வைத்தும் தூங்கிவிட்டேன். எழுந்தபோது தேர்வு முடிந்திருந்தது. ஆசிரியருக்குக் காய்ச்சல் என்று எழுதினேன், அழித்தேன். வண்டி பழுது என்று எழுதினேன், அதையும் அழித்தேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது, இன்னும் எதுவும் அனுப்பவில்லை. அவர் வகுப்பில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடுவாரே. என்ன எழுதட்டும்?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவர்

பதில்: என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கும் இதுதான் நடந்தது. காலை ஒன்பது மணிக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வு, அவள் கண் விழித்தது 10.20-க்கு. அன்று எனக்கு எழுதி எழுதி அழித்ததையெல்லாம், படிப்பு முடிந்து விடைபெற வந்தபோது அவளே சொன்னாள். உங்களுக்கு உதவும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவள் எழுதியதும் காய்ச்சல்தான். விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போனபோது, மறுநாளும் தனக்கு வகுப்பு இருப்பது நினைவுக்கு வந்தது. ஒரே இரவில் தேறியது எப்படி? மருத்துவச் சான்றிதழ் கேட்டால்? அழித்துவிட்டாள். அடுத்து, பேருந்து வழியில் நின்றுவிட்டது என்று எழுதினாள். அதே பேருந்தில் வந்த இரண்டு தோழிகள் தேர்வு எழுதி முடித்திருந்தார்கள். அவர்களையும் பொய்க்குக் கூட்டுச் சேர்க்க வேண்டும். அதுவும் போயிற்று. பொய்ச் சாக்கு எதுவும் ஒரு வரியோடு நிற்பதில்லை. ஆசிரியர் அடுத்து என்ன கேட்பார், அதற்கு யார் சாட்சி என்று பின்னாலேயே நாலு வரி வந்து நிற்கும்.

மூன்றாவதாக எழுதியது கொஞ்சம் சிக்கலானது: ‘அலாரம் அடிக்கவில்லை, மேடம்.’ அவள் உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள். பிறகு கைபேசியைப் பார்த்தால், ஆறு மணி அலாரம் அடித்து அணைக்கப்பட்டிருந்தது. அணைத்தது அவளேதான், நினைவில்லை. இது நடக்கக்கூடியதுதான். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென எழுப்பினால் மூளை முழுதாக விழித்துக்கொள்ளச் சில நிமிடங்களாவது ஆகும், சிலருக்கு அரை மணி நேரமும் ஆகும். அந்த மயக்கத்தில் கை அலாரத்தை அணைக்கும், பேச்சுக்குப் பதிலும் சொல்லும், காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. மூன்று மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழ வேண்டியவர்களுக்கு இது சுலபமாக நேரும். உங்களுக்கும் அப்படி நடந்திருக்கலாம். ஆனால் ‘அடிக்கவில்லை’ என்பதும் ‘அடித்தது, நான் எழவில்லை’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது பழியைக் கைபேசியின் தலையில் கட்டுகிறது. அவளுக்கு அது புரிந்ததும் அதையும் அழித்தாள்.

நான்காவதில் ‘தூங்கிவிட்டேன்’ என்ற சொல் முதன்முதலாக வந்தது. ஆனால் முழு வரி இது: ‘இரவு முழுக்க உங்கள் பாடத்தையே படித்துக்கொண்டிருந்ததால் அசந்து தூங்கிவிட்டேன்.’ ஒரு மணி வரை தொடர் பார்த்துவிட்டு, பதறிப்போய்ப் புத்தகத்தைத் திறந்து மூன்று மணி வரை படித்திருக்கிறாள். ஆக, படித்தது பொய்யில்லை, ‘இரவு முழுக்க’ என்பதுதான் பொய். உண்மையைச் சொல்லத் துணிந்தவர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான். தூங்கியதை ஒப்புக்கொள்வார்கள், தூங்கிய காரணத்துக்கு ஒரு தியாகத்தைச் சேர்த்துவிடுவார்கள். காரணம் சொல்லத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. சொன்னால் உள்ளபடி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நீளமான மன்னிப்புக் கடிதம். தான் எதற்கும் லாயக்கில்லாதவள், தன்மீது வைத்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்று திரை நிறைய எழுதியிருந்தாளாம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் ஆசிரியர் முதலில் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், தேர்வைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். நல்லவேளை, அதையும் அழித்தாள்.

எனக்கு வந்து சேர்ந்தது இது:

‘மேடம், இன்று காலைத் தேர்வுக்கு நான் வரவில்லை. அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன், தவறு என்னுடையது. மறுதேர்வுக்கு வாய்ப்பு இருந்தால் எழுதுகிறேன். இல்லையென்றால் உங்கள் முடிவை ஏற்றுக்கொள்கிறேன்.’

இதைப் படித்ததும் நான் யோசிக்க வேண்டியிருந்தது ஒன்றுதான்: மறுதேர்வு வைக்கலாமா, கூடாதா. காய்ச்சல் என்று வந்திருந்தால், இது நிஜமா, சான்றிதழ் கேட்பதா, கேட்டால் மனம் நோகுமா என்று அரை நாள் போயிருக்கும். விதிப்படி மறுதேர்வு உடல்நிலைக் காரணத்துக்கு மட்டும்தான். அதனால் அவளுக்கு வைக்கவில்லை. அந்தத் தேர்வின் மதிப்பெண் போனது போனதுதான். உங்களுக்கும் இப்படி ஆகலாம், அதற்குத் தயாராகிக்கொண்டு பேசுங்கள். உண்மையைச் சொன்னால் மதிப்பெண் திரும்பக் கிடைக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் அவளைப் பொறுப்பில்லாதவள் என்று நான் நினைக்கவில்லை. அந்த வருடமே அவள் வேறொரு விஷயத்துக்கு உண்மையாகவே உடம்பு சரியில்லை என்று எழுதியபோது, சான்றிதழ் கேட்கத் தோன்றவே இல்லை.

அவள் அன்றைக்கே அனுப்பிவிட்டாள். உங்களுக்கு இரண்டு வாரம் ஓடிவிட்டது, ஆகவே இனி செய்தி வேண்டாம், நேரில் போங்கள். வகுப்பு தொடங்கும் முன்னால் அவர் அவசரத்தில் இருப்பார். முடிந்த பிறகு, மற்றவர்கள் கலைந்ததும், ‘சார், இரண்டு நிமிடம் பேசலாமா?’ என்று கேளுங்கள். தூங்கியது ஒரு வரி, தாமதம் இன்னொரு வரி: ‘அன்றே சொல்லியிருக்க வேண்டும். என்ன நினைப்பீர்களோ என்று பயந்து தள்ளிப்போட்டேன்.’ தாமதத்துக்கும் ஒரு கதை கட்டத் தோன்றும், கட்டாதீர்கள். எழுதி அழித்த காய்ச்சலையும் வண்டியையும் அவரிடம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அனுப்பாத பொய்க்கு நீங்கள் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

‘இனி ஒருநாளும் நடக்காது’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது உங்கள் கையில் முழுதாக இல்லை. அவர் கேட்டால், என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மாற்ற வேண்டியதும் பெரிதில்லை. கைபேசியைத் தலைமாட்டில் வைக்காமல், எழுந்து நடந்தால்தான் அணைக்க முடியும் என்கிற தூரத்தில் வையுங்கள். தேர்வு நாளில் எழுப்பிவிட ஒரு ஆளையும் சொல்லி வையுங்கள். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் ஓடும், இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வரும். அதற்காக முந்தின நாள் மட்டும் சீக்கிரம் படுத்தால் புரண்டுகொண்டுதான் இருப்பீர்கள். நாலைந்து நாள் முன்பிருந்தே படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவாருங்கள். தினமும் எட்டு மணி நேரம் தூங்கியும் வாரக்கணக்கில் காலையில் எழ முடியவில்லை, பகலிலும் கண் சொருகுகிறது என்றால், அது வேறு விஷயம், மருத்துவரைப் பாருங்கள்.

செய்முறைத் தேர்வு என்கிறீர்கள். அந்தச் சோதனையை வேறு பிரிவு மாணவர்களோடு செய்து பார்க்க அனுமதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். மதிப்பெண் இல்லாவிட்டாலும் கேளுங்கள், ஆண்டிறுதித் தேர்வில் அதே சோதனை வரலாம்.